பழைய மாடலின் பக்கத்தில் புதிய மாடல்: கோவை கிரைண்டர் தொழிலிலிருந்து ஒரு கணக்கு

ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் சரக்கு வரிசையில் இன்னொரு பொருளைச் சேர்க்கலாமா என்று ஒரு தொழிற்கூடம் யோசிக்கும்போது, அந்தப் பொருள் தனியாக நின்று லாபம் தருமா என்று கேட்பது போதாது. புதிய பொருள் வந்த பிறகு தொழிற்கூடம் முழுவதற்கும் கிடைக்கும் லாபம், அது வராமலே இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தைவிட எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்த வேறுபாட்டைக் காண மூன்று தொகைகள் போதும். புதிய பொருள் கொண்டுவரும் கூடுதல் பங்களிப்பு முதலாவது. அதற்காகவே புதிதாக ஏற்க வேண்டிய நிலைச் செலவு இரண்டாவது. புதிய பொருளை வாங்கியவர்கள் பழைய பொருளை வாங்காமல் விட்டதால் கைநழுவிய பங்களிப்பு மூன்றாவது. முதல் தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதே விடை.

மூன்றாவது தொகைக்குரிய நிகழ்வைக் கோவைச் சந்தையில் ‘புது மாடல் பழைய மாடலை அடித்துவிடும்’ என்று சொல்வார்கள். இந்நூலில் அது ‘தன்விற்பனை இழப்பு’ என்று குறிப்பிடப்படுகிறது. போட்டியாளரிடம் இழப்பதும் இதுவும் வேறு. ஒரு நிறுவனம் தன் சொந்தச் சரக்கிடமே தன் விற்பனையை இழப்பதை மட்டும் இச்சொல் குறிக்கும்.

இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளக் கோவையின் வெட் கிரைண்டர் தொழிலைவிடப் பொருத்தமான களம் கொங்கு நாட்டில் அரிது. 1955இல் பி. சபாபதி கோவையில் மாவரைக்கும் கிரைண்டரை அறிமுகப்படுத்திய பிறகு, ஒரே வேலையைச் செய்யும் பொருள் அடுத்தடுத்துப் புதிய உருவங்களில் வந்தது. தரையில் நிலையாக நிற்கும் வகைக்குப் பின்னர், டிரம்மைச் சாய்த்து மாவை வழித்தெடுக்கக்கூடிய டில்டிங் வகை வந்தது. அதன் பின்னர், சமையல் மேடையில் வைத்துக்கொள்ளக்கூடிய டேபிள் டாப் வகை வந்தது. டேபிள் டாப்பைப் பரவச் செய்ததில் எல்ஜி அல்ட்ரா நிறுவனத்தின் எல்.ஜி. வரதராஜுக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்று வகையும் அரைப்பது அதே இட்லி மாவைத்தான். ஆகவே ஒரு வகையை வாங்கிய குடும்பம் பல ஆண்டுகளுக்கு இன்னொரு வகையை வாங்குவதில்லை. டேபிள் டாப்பைச் சேர்க்கும் தொழிற்கூடம் புதிய வாடிக்கையாளரைப் பெறும் அதே நாளில் தன் டில்டிங் வாடிக்கையாளரையும் இழக்கக்கூடும் என்பது இப்பொருளின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் வரும் தொழிற்கூடம் கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளில் காணப்படும் அளவுள்ள ஒரு கற்பனைக் கூடம். அதன் விலைகளும் எண்ணிக்கைகளும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. தம் கூடத்தின் எண்களை அவற்றின் இடத்தில் வைத்து வாசகர் இதே வழியைப் பின்பற்றலாம்.

பங்களிப்பு எங்கிருந்து தொடங்குகிறது

பங்களிப்பு என்பது, ஒரு கிரைண்டரை விற்றுக் கையில் வரும் தொகையிலிருந்து, அந்த ஒரு கிரைண்டரைச் செய்யாமல் விட்டிருந்தால் ஏற்படாதிருக்கும் செலவுகளை மட்டும் கழித்தபின் மிஞ்சும் பணம். கூடத்தின் வாடகை, கணக்கர் சம்பளம் போன்ற நிலைச் செலவுகளைச் சுமக்க அந்த ஒரு கிரைண்டர் தன் பங்காகக் கொடுப்பது அதுவே என்பதால் அதற்கு அப்பெயர்.

கையில் வரும் தொகை என்பதில் முதல் தவறு நிகழ்கிறது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையோ, டீலருக்குப் போடும் பில் தொகையோ அது அன்று. ஜிஎஸ்டி அரசுக்குச் சேர வேண்டியது. டீலர் கழிவும், பத்து வாங்கினால் ஒன்று இலவசம் போன்ற ஸ்கீம்களும் டீலருக்குச் சேர வேண்டியவை. இவை அனைத்தும் போக மிஞ்சுவதே கணக்கின் தொடக்கம். வரியைச் சேர்த்துக் கணக்கிடுவது எவ்வளவு பெரிய பிழையாக முடியும் என்பதை இத்தொழிலே கண்டிருக்கிறது. கல் கொண்டு அரைக்கும் வெட் கிரைண்டருக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019இல் 5 சதவீதமாகக் குறைந்து, 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதமாக உயர்ந்தது. வரியுடன் 5,000 ரூபாய் என்ற பில் விலையை மாற்றாமல் வைத்துக்கொண்ட கூடத்துக்கு, 5 சதவீத வரியின்போது ஏறத்தாழ 4,762 ரூபாய் மிஞ்சியது. 18 சதவீத வரியில் 4,237 ரூபாய்தான் மிஞ்சும். ஒரு கிரைண்டருக்கு 525 ரூபாய் கூடுதலாக வரிக்குப் போய்விடுகிறது. பல மாடல்களின் பங்களிப்பில் பாதியையே அது விழுங்கிவிடக்கூடும்.

கழிக்க வேண்டிய மாறும் செலவுகளில் மோட்டார், எவர்சில்வர் டிரம், கல், குழவி, பெல்ட், பாடி, அட்டைப்பெட்டி ஆகியவற்றை எவரும் மறப்பதில்லை. மறந்துபோகிறவை இரண்டு. ஒன்று, வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து வாங்கும்போது ஏற்படும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம். மற்றொன்று உத்தரவாதச் செலவு. நூறு கிரைண்டர்களில் ஐந்து உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பி வந்து, ஒவ்வொன்றையும் சரிசெய்ய 600 ரூபாய் ஆகுமானால், விற்கும் ஒவ்வொரு கிரைண்டரின் தலையிலும் 30 ரூபாய் விழுகிறது. நன்கு பழகிய டில்டிங் மாடலின் விகிதத்தைப் புதிய டேபிள் டாப்புக்கும் அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. பழக்கமில்லாத அமைப்பில் செய்யும் முதல் ஆண்டுச் சரக்கு அதிகமாகத் திரும்பும் என்று கொண்டு, இரண்டு மடங்கையாவது கணக்கில் வைப்பது நல்லது.

கூலியைப் பொறுத்தவரை, ஒரு கிரைண்டருக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் பீஸ் ரேட் கூலி மாறும் செலவு. மாதச் சம்பளம், சரக்கு குறைந்தாலும் கொடுத்தே ஆக வேண்டியதாகையால் நிலைச் செலவு.

எடுத்துக்கொண்ட கூடம் இப்போது மாதம் 600 டில்டிங் கிரைண்டர்களை வரி நீங்கலாக 4,800 ரூபாய்க்கு விற்கிறது. ஒன்றின் மாறும் செலவு 3,600 ரூபாய், பங்களிப்பு 1,200 ரூபாய். மாதப் பங்களிப்பு 7,20,000 ரூபாய், நிலைச் செலவு 4,80,000 ரூபாய், லாபம் 2,40,000 ரூபாய். சேர்க்க நினைக்கும் டேபிள் டாப் மாடலின் விலை 3,400 ரூபாய், மாறும் செலவு 2,600 ரூபாய், பங்களிப்பு 800 ரூபாய். மாதம் 400 விற்கும் என்று டீலர்கள் சொல்வதாகக் கொள்ளலாம். அப்படியானால் புதிய மாடல் கொண்டுவரும் பங்களிப்பு 3,20,000 ரூபாய்.

எந்த நிலைச் செலவு கூடுதல்

கூடுதல் நிலைச் செலவு என்பது, புதிய மாடலைச் சேர்க்கும் முடிவினால் மட்டும் பிறந்து, அம்முடிவைக் கைவிட்டால் இல்லாமல் போகும் செலவு. பழைய கூடத்தின் வாடகை, முதலாளி எடுத்துக்கொள்ளும் சம்பளம், கணக்கரின் ஊதியம் ஆகியவை டேபிள் டாப் வந்தாலும் வராவிட்டாலும் மாறாதவை. ஆதலால் அவற்றுக்கு இக்கணக்கில் இடமில்லை. எடுத்துக்கொண்ட கூடத்தில் புதிதாக ஏற்படுபவை: அசெம்பிளிக்கு ஒரு மேற்பார்வையாளர் 22,000 ரூபாய், பக்கத்து ஷெட்டின் வாடகை 20,000 ரூபாய், சர்வீஸ் மெக்கானிக் ஒருவர் 20,000 ரூபாய், கடைகளில் மாவரைத்துக் காட்டும் செயல்விளக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் 16,000 ரூபாய், வட்டி 12,000 ரூபாய். மொத்தம் மாதம் 90,000 ரூபாய்.

இவற்றில் வட்டி தனியாக விளக்கத்தக்கது; கொங்கு நாட்டுச் சிறுதொழிலில் புதிய மாடல்கள் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் பணம் கடைகளில் முடங்குவதால்தான். டீலர்களுக்கு 45 நாள் கடனில் சரக்குக் கொடுத்தால், ஒன்றரை மாத விற்பனைத் தொகை எப்போதும் வெளியே நிற்கும். டேபிள் டாப்பினால் மாத விற்பனை 13,60,000 ரூபாய் வருகிறது. டில்டிங்கில் 150 குறையும் என்றால் 7,20,000 ரூபாய் போகிறது. நிகர உயர்வான 6,40,000 ரூபாயின் ஒன்றரை மடங்கு 9,60,000 ரூபாய். உதிரிபாகங்களுக்கும் இருப்புச் சரக்குக்கும் மேலும் 2,40,000 ரூபாய் தேவை என்றால் 12 லட்சம் ரூபாய் புதிதாக முடங்குகிறது. மாதம் ஒரு சதவீத வட்டிக்கு அது 12,000 ரூபாய். கறாராகச் சொன்னால் விற்பனையோடு சேர்ந்து கூடிக்குறையும் செலவுதான் இது. ஆயினும் கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு இங்கே நிலைச் செலவோடு வைக்கப்பட்டிருக்கிறது.

பாடிக்கான மோல்டு, டை, ஜிக் ஆகியவற்றுக்கு ஒரே தடவையாகக் கொடுக்கும் 9 லட்சம் ரூபாய் இந்த 90,000 ரூபாயில் சேரவில்லை. மாதத் தவணையாகப் பிரித்து உள்ளே நுழைத்துவிட்டு, இறுதியில் மொத்தத் தொகையோடும் ஒப்பிட்டால் ஒரே செலவு இரண்டு தடவை கழிக்கப்பட்டுவிடும். மாத வேறுபாட்டை முதலில் கண்டுகொண்டு, அது 9 லட்சத்தை எத்தனை மாதத்தில் மீட்கிறது என்று பின்னர் பார்ப்பதே தெளிவான வழி.

தன்விற்பனை இழப்பும் முழுக் கணக்கும்

டேபிள் டாப் வாங்கும் 400 பேரில் 150 பேர் இதே கூடத்தின் டில்டிங்கை விட்டு மாறியவர்கள் என்று கொண்டால், இழக்கும் பங்களிப்பு 150ஐ 1,200ஆல் பெருக்கிய 1,80,000 ரூபாய். இப்போது மூன்று தொகைகளும் கையில் இருக்கின்றன.

புதிய பங்களிப்பு: 3,20,000
கழிக்க, கூடுதல் நிலைச் செலவு: 90,000
கழிக்க, தன்விற்பனை இழப்பு: 1,80,000
மாத நிகர உயர்வு: 50,000

மாத விற்பனை 28,80,000 ரூபாயிலிருந்து 35,20,000 ரூபாயாக உயர்கிறது. கிரைண்டர்களின் எண்ணிக்கையோ 600இலிருந்து 850 ஆகிறது. கூடம் முன்னைவிடப் பரபரப்பாக இருக்கும், லாரிகள் அதிகம் வந்துபோகும். ஆனால் லாபம் கூடுவது 50,000 ரூபாய் மட்டுமே. மோல்டுக்குக் கொடுத்த 9 லட்சம் ரூபாய் மீள 18 மாதங்கள் ஆகும்.

இதே விடையை வேறொரு கோணத்திலும் பார்க்கலாம். கூடத்துக்கே புதியவர்களான 250 வாடிக்கையாளர்கள் ஆளுக்கு 800 ரூபாய் வீதம் 2,00,000 ரூபாய் கொண்டுவருகிறார்கள். டில்டிங்கை விட்டு மாறிய 150 பேர், முன்பு தந்த 1,200 ரூபாய்க்குப் பதில் 800 ரூபாய் தருவதால் ஆளுக்கு 400 ரூபாய் வீதம் 60,000 ரூபாயை எடுத்துச்செல்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கூடுதல் நிலைச் செலவைக் கழித்தால் அதே 50,000 ரூபாய் கிடைக்கும். இந்தப் பார்வை விலை நிர்ணயிக்க உதவும். புதிய மாடலின் பங்களிப்பு பழையதன் பங்களிப்புக்கு நெருங்க நெருங்க, வாடிக்கையாளர் மாறுவதால் வரும் நட்டம் குறையும். இரண்டும் சமமாகிவிட்டால் யார் எதை வாங்கினாலும் கூடத்துக்கு ஒன்றுதான்.

முடிவெடுப்பவர் மனத்தில் நிற்க வேண்டிய எண் இன்னொன்று உண்டு. புதிய பங்களிப்பிலிருந்து கூடுதல் நிலைச் செலவைக் கழித்தபின் நிற்பது 2,30,000 ரூபாய். அதை 1,200ஆல் வகுத்தால் கிடைப்பது 191. மாறுகிறவர்கள் 191 பேரைத் தாண்டினால், அதாவது 400இல் ஏறத்தாழ 48 சதவீதத்தைத் தாண்டினால், புதிய மாடல் கூடத்தின் லாபத்தைக் குறைக்கத் தொடங்கும். மதிப்பீடு 150 என்றும் எல்லை 191 என்றும் இருக்கும்போது இடைவெளி 41 பேர்தான். ஒரு மாவட்டத்தின் டீலர்கள் சொன்ன கணக்கு தவறாகப் போனாலே அழிந்துவிடக்கூடிய இடைவெளி அது.

அடக்க விலைத் தாள் ஏன் ஏமாற்றுகிறது

பல கூடங்களில் இக்கேள்வி கணக்கரின் அடக்க விலைத் தாளுக்குப் போகிறது. அவர் பழைய நிலைச் செலவான 4,80,000 ரூபாயை 600உம் 400உம் சேர்ந்த 1,000 கிரைண்டர்கள் மீது பரப்பி, ஒன்றுக்கு 480 ரூபாய் போடுகிறார். கூடுதல் நிலைச் செலவு ஒன்றுக்கு 225 ரூபாய். 800 ரூபாய்ப் பங்களிப்பில் இவ்விரண்டையும் கழித்து, ஒரு டேபிள் டாப்புக்கு 95 ரூபாய் லாபம், மாதம் 38,000 ரூபாய் என்று எழுதுகிறார். சரியான விடையான 50,000 ரூபாய்க்கு இது அருகில் இருப்பதால் முறையும் சரி என்று தோன்றிவிடும்.

உண்மையில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. டேபிள் டாப்பினால் ஏற்படாத 1,92,000 ரூபாய்ப் பழைய செலவு அதன் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஏற்பட்ட 1,80,000 ரூபாய்த் தன்விற்பனை இழப்போ தாளில் எங்கும் இல்லை. மாறுகிறவர்கள் 80 பேராக இருந்தால் உண்மையான உயர்வு 1,34,000 ரூபாய். 250 பேராக இருந்தால் மாதம் 70,000 ரூபாய் நட்டம். அடக்க விலைத் தாள் இரண்டு நிலையிலும் அதே 38,000 ரூபாயைத்தான் காட்டும். முடிவைத் தீர்மானிக்கும் எண்ணைப் பார்க்கவே இயலாத தாளைக் கொண்டு முடிவெடுப்பது ஆபத்தானது.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. பழைய நிலைச் செலவைச் சேர்க்காத இம்முறை, ஒவ்வொரு மாடலையும் தனித்தனியே சோதித்தால் ஏறத்தாழ எல்லாவற்றையும் தேர்ச்சி பெறச் செய்துவிடும். இன்று ஒரு டேபிள் டாப், அடுத்த ஆண்டு அதிலேயே சிறியது, பின்னர் வேறு நிறம், பின்னர் தேங்காய்த் துருவி இணைந்தது என்று சேர்ந்து பதினான்கு மாடல்கள் ஆன பிறகு பார்த்தால், மாறாது என்று ஒவ்வொரு தடவையும் ஒதுக்கி வைத்த செலவுகள் இரட்டிப்பாகியிருக்கும். ஸ்டோரில் இரண்டாவது ஆள் வந்திருப்பார். மாடல் மாற்றும்போதெல்லாம் அசெம்பிளி அரை நாள் நிற்கும். விற்பனை நின்றுபோன மாடலுக்கும் உதிரிபாகம் வைத்திருக்க வேண்டியிருக்கும். இவை எந்த ஒரு மாடலின் கணக்கிலும் எழுதப்படாமல் எல்லா மாடல்களாலும் சேர்ந்து வந்தவை. ஆகையால் ஆண்டுக்கு ஒரு தடவையாவது, கடந்த மூன்று ஆண்டுகளில் சேர்த்த மாடல்கள் அனைத்தையும் ஒரே முடிவாகக் கருதி, அவை வருமுன் இருந்த நிலைச் செலவையும் இன்றைய நிலைச் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

எதனோடு ஒப்பிடுவது

தன்விற்பனை இழப்பைக் கணக்கிடுகையில், புதிய மாடல் வராவிட்டால் டில்டிங் இன்றைய 600ஐ எப்போதும் விற்றுக்கொண்டே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. டேபிள் டாப் பரவிய காலத்தின் வரலாறு அதற்கு எதிராகவே பேசுகிறது. மேடையில் வைக்கும் கிரைண்டரை ஒரு கூடம் செய்யாமல் இருந்ததால், அதை விரும்பியவர்கள் டில்டிங்கிலேயே தங்கிவிடவில்லை; அதைச் செய்த வேறு நிறுவனத்திடம் வாங்கினார்கள். எனவே மாறிய 150 பேரையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். புதிய மாடல் இல்லாவிட்டால் டில்டிங்கையே வாங்கியிருப்பவர்கள் மட்டுமே தன்விற்பனை இழப்பு; போட்டியாளரின் டேபிள் டாப்பை வாங்கியிருப்பவர்கள் எப்படியும் போயிருப்பவர்கள். இரண்டாம் வகையினர் 60 பேர் என்றால் உண்மையான இழப்பு 90 பேருக்குரிய 1,08,000 ரூபாய்தான். மாத உயர்வும் 50,000 ரூபாயிலிருந்து 1,22,000 ரூபாயாகிறது.

இந்த ஒரு பிரிவினையால் விடை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுவதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே மனத்தில் எடுத்துவிட்ட முடிவை நியாயப்படுத்த, ‘நாம் செய்யாவிட்டால் அவர்கள் செய்வார்கள்’ என்ற வாதத்தைப் போல வசதியானது வேறில்லை. அதற்கு இடம் கொடுக்குமுன், டில்டிங் விற்பனை கடந்த ஓராண்டில் உண்மையிலேயே சரிந்திருக்கிறதா, எந்த ஊர்க் கடைகளில் சரிந்தது, அக்கடைகளில் போட்டியாளரின் டேபிள் டாப் வைக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றுக்கும் பில் புத்தகத்திலிருந்தும் கடைகளிலிருந்தும் சான்று வேண்டும். சான்று இல்லாத இடத்தில் 150 என்றே வைத்துக் கணக்கிடுவதுதான் நாணயமானது.

இழப்பை எப்படி அளப்பது

மாறுவார்கள் என்ற எண்ணிக்கையை முன்கூட்டியே உறுதியாக அறிய வழியில்லை. ஆனால் முழுச் சந்தையிலும் இறங்குமுன் சிறு அளவில் அளந்து பார்க்க முடியும். புதிய மாடலை ஈரோட்டு வட்டாரக் கடைகளுக்கு மட்டும் மூன்று மாதம் கொடுத்து, விற்பனைப் போக்கில் அதை ஒத்திருக்கும் சேலம் வட்டாரத்துக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது ஒரு வழி. ஈரோட்டில் டில்டிங் மாதம் 120 விற்றுக்கொண்டிருந்து 84 ஆகக் குறைகிறது. சேலத்தில் 100 ஆக இருந்தது 95 ஆகிறது என்று கொள்ளலாம். சேலத்தின் 5 சதவீதச் சரிவு புதிய மாடலால் வந்ததன்று. பருவத்தாலோ பொதுவான மந்தத்தாலோ வந்தது. அதே சரிவு ஈரோட்டிலும் இருந்திருக்கும் என்று கொண்டால் அங்கே 114 விற்றிருக்க வேண்டும். விற்றது 84, எனவே புதிய மாடலால் குறைந்தது 30. அதே மாதங்களில் டேபிள் டாப் ஈரோட்டில் மாதம் 80 விற்றிருந்தால், இழப்பு விகிதம் 80க்கு 30, அதாவது 37.5 சதவீதம். 400க்கு 150 என்ற மதிப்பீடு இவ்வாறான சோதனையிலிருந்து வந்திருந்தால் அதன் மீது ஓரளவு சாயலாம்.

ஒப்பிடுவதற்கு இன்னொரு வட்டாரம் இல்லாமல், முன்பு விற்றதையும் பின்பு விற்றதையும் மட்டும் பார்ப்பது எவ்வளவு தவறாக முடியும் என்பதற்கு 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் எடுத்துக்காட்டு. அரசிடமிருந்து கிரைண்டர் பெறும் குடும்பம் கடையில் வாங்குவதைத் தள்ளிப்போடும். அக்காலத்தில் புதிய மாடலை இறக்கியிருக்கும் கூடம் ஒன்று, டில்டிங்கின் சரிவு முழுவதையும் தன் புதிய மாடலின் மேல் போட்டிருக்கக்கூடும். அத்திட்டம் தமிழகம் முழுவதற்கும் பொருந்தியதால் சேலத்தோடு ஒப்பிட்டாலும் அளவு கொஞ்சம் கலங்கியே இருந்திருக்கும்; பாலக்காடு போன்ற மாநில எல்லைக்கு அப்பாலுள்ள கடைகளின் விற்பனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

அளப்பதில் மற்றொரு பொறி டீலரின் கிடங்கு. கூடத்திலிருந்து சரக்கு கிளம்புவது விற்பனையன்று. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவதே விற்பனை. முதல் மாதத்தில் எல்லாக் கடைகளும் புதிய மாடலை ஐந்தாறு வாங்கி அடுக்கிக்கொள்வதால், டேபிள் டாப் விற்பனை உண்மைக்கு மேல் பெருகியதாகத் தோன்றும். அதே நேரத்தில், மூன்று லட்சம் ரூபாய்க் கடன் வரம்பு உள்ள டீலர், அந்த வரம்புக்குள் புதிய மாடலுக்கு இடம் கொடுப்பதற்காக டில்டிங் ஆர்டரைக் குறைப்பார். இந்தக் குறைவு வாடிக்கையாளர் மாறியதால் வந்ததன்று. டீலரின் பணமும் அலமாரியும் போதாததால் வந்தது. மருந்தும் அதற்கேற்ப வேறு. வாடிக்கையாளர் மாறினால் விலையையோ மாடலின் அளவையோ மாற்ற வேண்டும். டீலரின் கை கட்டப்பட்டிருந்தால் புதிய மாடலுக்குத் தனிக் கடன் வரம்பு கொடுத்தாலே டில்டிங் ஆர்டர் திரும்ப வந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய, கூடத்துக்குத் திரும்பி வரும் உத்தரவாத அட்டைகளில் வாங்கிய தேதியையும் கடையின் பெயரையும் கொண்டு மாதவாரியாக எண்ணுவது எளிய வழி. எல்லா வாடிக்கையாளரும் அட்டையை அனுப்புவதில்லை என்றாலும், இரண்டு மாடல்களுக்கும் அட்டை திரும்பும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்வரை ஒப்பீடு பயன்படும்.

விலையைக் கொண்டு திருத்துவது

இழப்பு விகிதம் விதி வகுத்துவிட்ட ஒன்றன்று. டேபிள் டாப்பின் விலையை 3,400 ரூபாயிலிருந்து 3,600 ரூபாயாக உயர்த்தினால் பங்களிப்பு 1,000 ரூபாய் ஆகும். விற்பனை 400இலிருந்து 330ஆகக் குறையலாம். ஆனால் விலை வேறுபாட்டுக்காகவே டில்டிங்கை விட்டு வந்தவர்கள் முதலில் திரும்பிப் போவார்கள். சமையலறையில் இடம் போதாத அடுக்ககக் குடும்பங்கள் விலை கூடினாலும் பெரும்பாலும் நிற்கும். மாறுகிறவர்கள் 100 ஆகக் குறைந்தால், 3,30,000 ரூபாயில் 90,000 ரூபாயும் 1,20,000 ரூபாயும் போக 1,20,000 ரூபாய் மிஞ்சுகிறது. விற்பனை குறைந்தும் மாத நிகர உயர்வு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. விற்பனைப் பிரதிநிதிக்கு எண்ணிக்கையை வைத்து ஊக்கத்தொகை கொடுக்கும் கூடத்தில் இந்த யோசனை எளிதில் ஏறாது. பங்களிப்பை வைத்துக் கொடுத்தால் ஏறும். அளவை மாற்றுவதும் இதே வேலையைச் செய்யும். டில்டிங் 2 லிட்டராக இருக்க டேபிள் டாப்பையும் 2 லிட்டராகச் செய்வதைவிட 1.25 லிட்டராகச் செய்தால், மாதத்துக்கு நான்கைந்து தடவை நிறைய மாவரைக்கும் பெரிய குடும்பம் டில்டிங்கிலேயே நிற்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் இக்கணக்கு வேறு உருவம் எடுக்கும். கூடத்தின் சோதனை மேசை நாள் முழுவதும் நிரம்பியிருக்கையில், ஒரு டேபிள் டாப்பைச் சோதிக்க எடுக்கும் நேரம் ஒரு டில்டிங்கிடமிருந்து பறித்ததாகும். வாடிக்கையாளர் எவரும் மனம் மாறாவிட்டாலும் தன்விற்பனை இழப்பு ஏற்பட்டுவிடும். அப்போது ஒரு கிரைண்டருக்கு எவ்வளவு பங்களிப்பு என்று பார்க்காமல், சோதனை மேசையின் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். டில்டிங்குக்கு 30 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 40 ரூபாய். டேபிள் டாப்புக்கு 16 நிமிடம் என்றால் 50 ரூபாய். அந்த வாரங்களில் குறைந்த பங்களிப்புள்ள டேபிள் டாப்பே முந்திக்கொள்கிறது.

திரும்பப் பெறும் கணக்கு வேறு

ஆறு மாதம் கழித்து அளந்து பார்க்கையில், மாறியவர்கள் 150 அல்ல, 220 பேர் என்று தெரியவருவதாகக் கொள்ளலாம். அப்போது 3,20,000 ரூபாயில் 90,000 ரூபாயும் 2,64,000 ரூபாயும் போக மாதம் 34,000 ரூபாய் நட்டம். டேபிள் டாப்பைச் சேர்த்திருக்கக் கூடாது என்பது தெளிவு. ஆனால் அதை இப்போது நிறுத்த வேண்டும் என்பது அதிலிருந்து தானாகக் கிடைக்கும் முடிவன்று.

மோல்டுக்குக் கொடுத்த 9 லட்சம் ரூபாய் போய்விட்ட பணம். மோல்டைப் பழைய இரும்பாகவோ வேறு கூடத்துக்கோ விற்றால் கிடைப்பது மட்டுமே கணக்கில் வரும். ஷெட் வாடகையும் மெக்கானிக்கின் சம்பளமும் உடனே நின்றுவிடும் என்றே வைத்துக்கொண்டாலும், நிறுத்துவதால் மிச்சமாவது 90,000 ரூபாய், இழப்பது 3,20,000 ரூபாய். நிகரமாக 2,30,000 ரூபாய் குறைகிறது. அதை ஈடுகட்ட, மாறிப்போன 220 பேரில் குறைந்தது 192 பேர் டில்டிங்குக்குத் திரும்ப வேண்டும். மேடைக் கிரைண்டரைப் பார்த்துப் பழகிவிட்ட வாடிக்கையாளர், கூடம் அதை நிறுத்திய மாதமே போட்டியாளரின் டேபிள் டாப்பைக் கேட்பார். டீலரும் காலியான அலமாரியை அதற்கே கொடுப்பார். திரும்புகிறவர்கள் 120 பேர் என்றால் மீள்வது 1,44,000 ரூபாய். அதாவது நிறுத்துவது மாதம் 34,000 ரூபாய் நட்டத்தை அடைக்காமல், அதன்மேல் இன்னும் 86,000 ரூபாய் நட்டத்தைக் கூட்டும். ஆகவே நிறுத்தும் கடிதத்தை டீலர்களுக்கு அனுப்புமுன், டேபிள் டாப் சரக்கு தீர்ந்துபோன சில கடைகளில் இரண்டு வாரம் சரக்கு கொடுக்காமல் நிறுத்திவைத்து, அதைக் கேட்டு வந்தவர்களில் பத்துக்கு எத்தனை பேர் டில்டிங்கை எடுத்துச்சென்றார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்துக்கு மூன்று பேர், அதாவது 400க்கு 120 என்ற விகிதத்தில் வந்தால், விலையை 3,600 ரூபாயாக உயர்த்திப் பார்ப்பதே அடுத்த வேலை. பத்துக்கு ஐந்து பேராவது எடுத்துச்சென்றிருந்தால் மட்டும் மோல்டை விற்கலாம்.